நாலில் மூன்று

எங்கள் அணியை வாங்க வந்தவர்கள் என்னை மட்டும் வேண்டாம் என்றார்கள். நேராக அப்படியே சொல்லியிருந்தால் கூட கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். சொல்லவில்லை. தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் எனக்கு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்து, நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உங்களுக்கு வேற ஒரு ரோல் யோசிச்சிருக்கோம்" என்றார் அவர்களுடைய மேனேஜர்.

அவர் எதைப் பறிக்க வந்தார் என்பது புரிய வேண்டுமானால் நாங்கள் யார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

நாங்கள் நாலு பேர். மொபைலில் ஆடும் துப்பாக்கி ஆட்டம். ஒரே வரைபடத்தில் பதினாறு அணிகள் விமானத்திலிருந்து குதிக்கும். ஆடும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நின்றால் சாவு. கடைசிவரை உயிரோடு இருந்தால் புள்ளி, எதிரியைச் சுட்டால் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம். ஒரத்தநாட்டிலிருந்து நான். தஞ்சாவூரில் ஒருவன், நீடாமங்கலத்தில் ஒருவன், வேதாரண்யத்தில் ஒருவன். ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொள்வோம். தஞ்சாவூரும் நீடாமங்கலமும் சுடுகிறவர்கள். வேதாரண்யத்தான் எல்லோருக்கும் முன்னால் தனியாகப் போய் வீடு காலியா, ஆள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன். நான் ஐ.ஜி.எல். அதாவது ஆட்டத்துக்குள் தலைவன். எங்கே குதிப்பது, எப்போது கிளம்புவது, யாரோடு மோதுவது, யாரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவது எல்லாம் நான் சொல்வதுதான்.

எங்களுக்குக் கோச் கிடையாது. நான்தான் கோச். ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்து எங்கே செத்தோம், ஏன் செத்தோம் என்று பிரிக்கிற அனலிஸ்ட் கிடையாது. அதுவும் நான்தான். எங்கள் குத்தகை நிலத்தில் தண்ணீர் பாய்கிற நேரத்தில் மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். "வயலைப் பாருடான்னா செல்லைப் பாக்குறான்" என்று அப்பா பக்கத்து வயல்காரரிடம் சத்தமாகச் சொல்வார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்வார். எனக்கும் கேட்கும்.

பெரிய நிறுவனத்தில் இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் இருக்கிறான். மேலே முதலாளி. அவருக்குக் கீழே மேனேஜர்: பதிவு, ஒப்பந்தம், பயணம் அவர் பொறுப்பு. கோச் பயிற்சியை நடத்துவார். அனலிஸ்ட் தன் அணியின் ஆட்டத்தையும் எதிரி ஆட்டத்தையும் பிரித்துக் கொடுப்பார். வீடியோ எடுக்க ஒரு கூட்டம் தனியாக. இவர்கள் எல்லோருக்கும் நடுவில் ஆடுகிற நாலு பேர், ஒரு மாற்று ஆள். எங்களைப் போன்றவர்கள் அந்த வீட்டுக்குள் போக ஒரே வாசல்தான், அடிமட்டத்து ஸ்கிரிம்.

ஸ்கிரிம் என்றால் பயிற்சி ஆட்டம். யாரோ ஒருவர் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு குழு வைத்து நடத்துவார். சாயங்காலம் இடம் திறந்ததும் முதலில் அணிப்பெயரைப் போடுகிறவனுக்கு இடம். கை கொஞ்சம் மெதுவாக இருந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. அறை எண்ணும் கடவுச்சொல்லும் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரும். அந்த நேரம் பார்த்து வேதாரண்யத்தில் காற்று அடித்து டவர் கிடைக்காமல் போனால் மூன்று பேரோடு ஆட வேண்டியதுதான். அப்படி ஆடி ஆடி, கீழ்மட்ட ஸ்கிரிமில் தொடர்ந்து மேலே வந்தால், நடுமட்டத்து ஸ்கிரிம் நடத்துகிறவர் கூப்பிடுவார். அங்கேயும் தாக்குப்பிடித்தால் பெரிய நிறுவனங்களின் ஸ்கவுட்டுகள் பார்ப்பார்கள். இந்த ஆள்பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் முன்னால் ஆடியவர்கள்தான். ஸ்கிரிம் நடத்துகிறவருக்குப் போன் போட்டு "புதுசா எவன் நல்லா ஆடுறான்?" என்று கேட்பார்கள்.

நாங்கள் அதையும் தாண்டினோம். யார் வேண்டுமானாலும் பதியலாம் என்ற தகுதிச்சுற்றில் பதிந்து, ஒவ்வொரு கட்டமாக நூற்றுக்கணக்கான அணிகளுக்கு நடுவில் மிஞ்சி, பெரிய லீக்கில் ஓர் இடம் பிடித்தோம். நிறுவனம் இல்லாத அணி. சட்டையில் எந்த அடையாளமும் இல்லாத அணி. அந்தப் பக்கம் பெயர்பெற்ற ஒரு நிறுவனம், நாட்டிலேயே பேர்போன ஐ.ஜி.எல்லைச் சம்பளத்துக்கு வைத்திருந்த நிறுவனம், அந்தத் தகுதிச்சுற்றிலேயே தோற்றுப்போய் லீக்கில் இடம் இல்லாமல் நின்றது.

அவர்களிடம் ஆள் இருந்தது, இடம் இல்லை. எங்களிடம் இடம் இருந்தது.

இந்த லீக்கின் விதி இது: இடம் நிறுவனத்துக்குச் சொந்தமில்லை, ஆடித் தகுதி பெற்ற நாலு பேருக்குச் சொந்தம். அந்த நாலில் மூன்று பேராவது சேர்ந்து இருந்தால்தான் இடம் நிற்கும். மூன்று பேர் ஒரு நிறுவனத்துக்குப் போனால் இடமும் அவர்களோடு போகும். நாலாவது ஆளை வெளியே தள்ளலாம், யாரும் கேட்க முடியாது. இரண்டிரண்டாக உடைந்தால் இடம் யாருக்கும் இல்லை.

அந்த நிறுவனம் கணக்குப் போட்டது. மூன்று பேரை எடுத்தால் போதும். நாலாவது இடத்தில் அவர்களுடைய பேர்போன ஐ.ஜி.எல். ஐந்தாவது, மாற்று ஆள் இடம். அதுவும் அவர்கள் ஆளுக்கே. ஒரு அணிக்கு இரண்டு தலை எதற்கு? அதனால் வெளியே போக வேண்டியவன் நான்.

"என்ன ரோல்?" என்று கேட்டேன்.

"அனலிஸ்ட்டுக்கு அசிஸ்டன்ட். உங்களுக்கு இந்தப் பசங்க ஆட்டம் அத்துப்படி. எங்க ஐ.ஜி.எல்லுக்கு அதை எடுத்துச் சொல்லணும். வீட்டுலேர்ந்தே பாக்கலாம்."

"அதாவது என் எடத்துல உக்காருறவருக்கு என் எடம் எப்படின்னு நான் சொல்லித் தரணும்."

மேனேஜர் சென்னைக்காரர். சிரித்தார். "தம்பி, இதை எமோஷனலா எடுத்துக்காதீங்க."

"நீங்க தோசைய நிறுத்திட்டு இதைச் சொல்லியிருக்கலாம்ல? தின்னுகிட்டு இருக்கறப்பவா சொல்றது?"

மற்ற மூன்று பேரும் அதே மேசையில்தான் இருந்தார்கள். தஞ்சாவூர்க்காரன் சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான். நீடாமங்கலத்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் இருவரிடமும் முன்னாலேயே பேசியாகிவிட்டது. வேதாரண்யத்தான் மட்டும் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்பது அவன் வாயில் இருந்த தோசை கீழே இறங்காமல் நின்றதிலேயே தெரிந்தது.

நான் எழுந்து போகவில்லை. எழுந்து போவேன் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இன்னொரு காபி சொன்னேன். மேனேஜர் கணக்கில்தான்.

அடுத்த வாரம் சோதனைப் பயிற்சி. தஞ்சாவூர்க்காரன் வீட்டு மாடியில் நல்ல இணைப்பு இருந்ததால் அங்கே வைத்தார்கள். கோச் நேரில் வந்திருந்தார். வடக்கத்தி ஆள், ஆங்கிலமும் இந்தியும் பேசுவார். பேர்போன ஐ.ஜி.எல்லும் அனலிஸ்ட்டும் அவரவர் ஊரிலிருந்து இணைப்பில் சேர்ந்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள், அந்த உதவியாளர் வேலைக்காக. வேலையை ஏற்கிறேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போனேன். என் இடத்தில் உட்காருகிறவன் எப்படி உட்காருகிறான் என்று பார்க்க எனக்கு உரிமை இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். கோச் வேலை தெரிந்தவர். ஆட்டம் முடிந்தவுடன் கத்தவில்லை. எல்லோரையும் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, தோற்ற இடத்துக்குப் போகாமல், அதற்கு இரண்டு கட்டம் முன்னால் போய், "இங்கேயே தோத்தாச்சு" என்று காட்டுவார். அனலிஸ்ட்டும் சும்மா ஆள் இல்லை. எங்கள் பழைய ஆட்டங்களையெல்லாம் எடுத்து, நாங்கள் செத்த இடங்களை வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் போட்டு வைத்திருந்தார். இரண்டாவது வட்டம் சுருங்கும்போது நாங்கள் தாமதமாகக் கிளம்பி, ஆற்றுப் பாலத்தில் மாட்டிச் சாவது அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்தும் என் கண்ணில் படாதது. ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்தால் அது துரதிர்ஷ்டம் மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்தால்தான் பழக்கம் என்று தெரியும். அந்தப் படத்தை என் போனில் எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. என் ஆட்டத்தை வைத்துத்தானே போட்டார்.

ஆனால் ஆட்டம் உருப்படவில்லை.

எங்கள் அணிக்கு ஒரு பேச்சுப் பழக்கம் உண்டு. மற்ற அணிகள் எதிரி நிற்கும் திசையை எண்ணில் சொல்வார்கள். திரையில் மேலே ஓடுகிற திசைமானி எண்ணைப் பார்த்து "இருநூற்று நாற்பது" என்பார்கள். வேதாரண்யத்தானுக்கு அது ஆரம்பத்தில் வரவே இல்லை. தன் அப்பாவின் படகில் வளர்ந்தவன் அவன். காற்று வரும் திசையை வைத்துத்தான் அவனுக்குத் திசை. வடக்கு என்றால் வாடை, தெற்கு சோழகம், கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான். "கச்சான்ல ரெண்டு பேரு" என்று அவன் சொன்னால் நாங்கள் மூன்று பேரும் மேற்கே திரும்பியிருப்போம். நான் என் பங்குக்கு வட்டத்தின் நடுவை, தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை என்பேன், ஓரத்தை, கடைசியில் பாய்கிற கடைமடை என்பேன். ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு கடைசியில் உள்ளே நுழைகிற ஆட்டம் எங்களுடையது. "கடைமடையிலயே கெட, தண்ணி வரும்" என்பேன். ஸ்கிரிம் அறையில் பிறகு எங்கள் பதிவைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், புள்ளி எங்களுக்குத்தான் வந்தது.

கோச் முதல் நாளே அதை நிறுத்தினார். எண் மட்டும்தான், ஆங்கிலமும் இந்தியும்தான். அவர் சொன்ன காரணத்தை மேனேஜர் தமிழில் சொன்னார். "மேடையில கூட்டம் கத்தும், காதுல எதுவும் விழாது. அப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி எண்தான் சரிப்படும். நாளைக்கு ஒருத்தன் மாறுனா புது ஆளு இதெல்லாம் படிச்சிக்கிட்டு இருக்க முடியுமா?"

"மாத்துறதுக்குன்னே ஒரு பாஷை வச்சிருக்கீங்க" என்றேன்.

நான் என்ன சொல்கிறேன் என்று கோச் கேட்டார். மேனேஜர் மொழிபெயர்க்கவில்லை.

கோச் சொன்ன காரணம் தப்பில்லை. ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிற நிறுவனத்துக்கு அது சரியான காரணம். ஆனால் வேதாரண்யத்தான் அந்த வாரம் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தான். முன்னால் போய்ப் பார்க்கிறவன் எண்ணைத் தேடிச் சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிடுவார்கள். பேர்போன ஐ.ஜி.எல் அவனை முன்னால் அனுப்புவதையே நிறுத்தினான். "பின்னாலேயே இரு, குண்டு மட்டும் போடு" என்றான். அந்த ஆள் மோசமானவன் இல்லை. சண்டை பிடித்து வட்டத்தின் நடுவைப் பிடிக்கிற ஆட்டம் அவனுடையது. அதற்கு நாலு சுடுகிறவர்கள் வேண்டும். எங்களிடம் இருந்தது இரண்டு.

அனலிஸ்ட்டின் கணக்கில் வேதாரண்யத்தான் பெயருக்கு நேரே சுட்ட எண்ணிக்கை எப்போதுமே குறைவுதான். அந்த வாரம் இன்னும் குறைந்தது. கோச்சும் மேனேஜரும் பேசிக்கொண்டதில் ஒரு துண்டு என் காதில் விழுந்தது. மூன்று பேர் விதி இருந்தாலும், லீக் தொடங்கிய பிறகு நடுவில் இன்னொரு மாற்றம் செய்ய அனுமதி இருக்கிறதா என்று கோச் கேட்டார். விதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார் மேனேஜர்.

அதை வேதாரண்யத்தானிடம் அப்படியே சொன்னேன். அவனைப் பயமுறுத்தத்தான் சொன்னேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. உண்மையைத்தானே சொன்னேன்.

"அடுத்த ஆளு நான்ங்குற?"

"கேட்டதச் சொன்னேன்."

"சரி வுடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டான்.

சோதனை முடிந்ததும் மேனேஜர் மூன்று பேரையும் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்றார். லீக்கின் பதிவுத் தளத்தில் ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் நுழைந்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு, மாற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அணிப்பட்டியல் பூட்டுகிற நாள் வருகிறது. அதற்குள் மூன்று ஒப்புதலும் விழுந்தால் நான் வெளியே. தஞ்சாவூர்க்காரன் அன்றைக்கே போட்டான். நீடாமங்கலத்தான் அவன் அப்பாவிடம் பேசிவிட்டுப் போட்டான். எனக்குப் போன் போட்டுச் சொன்னது தஞ்சாவூர்க்காரன்தான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத."

"எப்படி எடுத்துக்கணும்? நீயே சொல்லு."

"இது மாதிரி சான்ஸ் திரும்ப வராதுடா. நீ இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்ப."

"செஞ்சிருக்க மாட்டேன்."

"ஈசியா சொல்லிருவ."

"ஈசியாத்தான் சொல்றேன். ஏன்னா செஞ்சிருக்க மாட்டேன்."

வைத்துவிட்டான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். என்னை நல்லவன் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாலு பேர் குதித்த இடத்தில் மூன்று பேர் கிளம்புவது என்றால், அதை விழுந்து கிடக்கிறவனிடம் முதலில் சொல்ல வேண்டும். ஓட்டலில் வைத்து வேறு ஒருவன் வாயால் சொல்லக் கூடாது.

மிச்சம் இருந்தது வேதாரண்யத்தான். அவன் போனை எடுக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டும் எடுக்கவில்லை என்று நீடாமங்கலத்தான் குழுவில் புலம்பியிருந்தான். நான் பஸ் ஏறினேன். மன்னார்குடியில் ஒரு பஸ், திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ் மாறி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கெஞ்சப் போகவில்லை. போட்டுவிட்டாயா இல்லையா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்கப் போனேன்.

கரையில் படகுக்குப் பக்கத்தில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை முன்பே தெரியும்.

"வாப்பா, சாப்ட்டியா? நீயாச்சும் இவனுக்குச் சொல்லு. மாசாமாசம் சம்பளம் தரேங்குறாங்களாம். கடலுக்குப் போவ வேணாமாம். இவன் போனை அமுக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

என்ன சொல்வது? அந்த அம்மாவுக்குத் தெரியாது, அவர் யாரிடம் என்ன கேட்கிறார் என்று.

"நான் போட்டா இவன் எடம் போயிடும்மா, அதான் ஆளு வந்துருக்கு" என்றான் வேதாரண்யத்தான். "மூஞ்சியப் பாரு, சாவுக்கு வந்தவன் மாதிரி."

"போட்டியா?"

"ஒக்காரு மொதல்ல."

"போட்டியா இல்லையாடா?"

"போடலடா. கத்தாத, கருவாட்டுக்காரங்க பாக்குறாங்க."

உட்கார்ந்தேன். அவன் மீனைப் பிரித்துக்கொண்டே பேசினான்.

"ஒனக்காகப் போடாம இருக்கேன்னு நெனைக்காத. நீ என்ன பெரிய இவனா? பாலத்துல எத்தனை தடவை எங்களைக் கொன்னிருக்க."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே நடக்காது."

"தெரிஞ்சுக்கிட்டியா? யாரு சொன்னா?"

"அவங்க அனலிஸ்ட்டு."

சிரித்துவிட்டான். காரணம் புரியாமல் அவன் அம்மாவும் சிரித்தார்.

"எனக்குப் பிரச்சினை வேற" என்றான். "ஒன் பேச்சைக் கேட்டுச் செத்தா, ஏன் செத்தேன்னு எனக்குத் தெரியும். அந்தாளு பேச்சைக் கேட்டுச் செத்தா, நான் இருந்தேனான்னே தெரியல. பின்னாலயே நிக்கிறேன். எதுவுமே பாக்கல. சம்பளம் தருவான், சரி. ரெண்டு மாசத்துல ஒன்னைத் தூக்குன மாதிரி என்னையும் தூக்குவான். அப்புறம் எனக்கு ஆடவும் மறந்துருக்கும்."

"அப்ப போடாத."

"நீ சொல்லி நான் கேக்கணுமா?"

அப்போது போன் அதிர்ந்தது. மேனேஜர். இந்தத் தடவை எடுத்தான், கையில் மீன் செதில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, உங்க ஓ.டி.பி. ஒண்ணுதான் பாக்கி. ஏதாவது டெக்னிக்கல் பிராப்ளமா?"

"இல்ல சார். ஒண்ணு கேக்கணும். எங்க நாலு பேரையும் எடுத்துக்கிட்டு ஒங்க ஆளை அஞ்சாவதா வையுங்க. ஆடிப் பாத்துட்டு யாரு நல்லாருக்காங்களோ அவங்களை எறக்குங்க. அப்படின்னா இப்பவே போடுறேன்."

மேனேஜர், "அவரை பெஞ்சுல வைக்க முடியாதுப்பா. ஸ்பான்சர் அவரைப் பாத்துத்தான் வர்றாங்க" என்றார். பொய் சொல்லவில்லை, அதற்காக அவரைப் பாராட்டலாம். நிறுவனத்தில் ஆடுகிறவனுக்கு மேலே கோச், கோச்சுக்கு மேலே மேனேஜர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லோருக்கும் மேலே அந்தச் சட்டையில் பெயர் ஒட்டுகிறவன்.

"அப்ப வேண்டாம் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா, நீங்க வரலைன்னா உங்க மத்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது. உங்களால அவங்க லைஃப் போகுது."

"தெரியும் சார்."

"பக்கத்துல அவரு இருக்காரா?"

"இருக்கேன்" என்றேன். "அனலிஸ்ட் படம் நல்லா இருந்துச்சு, சொல்லிருங்க."

வைத்துவிட்டார். வேதாரண்யத்தான் அம்மா கூடையைக் கீழே வைத்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனைப் பார்த்து, "ஒங்கப்பன் மாதிரியே" என்றார். அது திட்டா பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிடாமல் போகாதே என்று சொன்னார், சாப்பிட்டேன்.

பட்டியல் பூட்டுகிற நாள் வந்தது. மூன்றாவது ஒப்புதல் விழாததால் மாற்றம் செல்லுபடியாகவில்லை. பழைய நாலு பேரே பட்டியலில் இருந்தோம். தஞ்சாவூரும் நீடாமங்கலமும் தனியாகப் போனால் இடம் போய்விடும். நானும் வேதாரண்யத்தானும் தனியாக நின்றாலும் போய்விடும். பிடிக்கிறதோ இல்லையோ, சேர்ந்து ஆட வேண்டும்.

பிடிக்கவில்லை. நீடாமங்கலத்தான் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். அதில் இருந்ததை இங்கே எழுத முடியாது. அவன் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் என் அப்பாவைப் பார்த்து, "உங்க மகன் எங்க பையன் பொழப்பைக் கெடுத்துட்டான்" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம், "செல்லுல வெளையாடுறதுக்குக் கூட சண்டைக்கு ஆள் வருதாடா?" என்றார். பிறகு, "நீ என்ன சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். "சரி" என்று குளிக்கப் போய்விட்டார். அவர் இந்த விஷயத்தில் பேசியது மொத்தமும் அவ்வளவுதான்.

என்மேல் தப்பு என்று அந்த இரண்டு பேரும் நினைக்கட்டும். அவர்களுடைய வாய்ப்பை நான் பறிக்கவில்லை. அவர்களுடைய வாய்ப்பு என் இடத்தின் மேல் போடப்பட்டிருந்தது. என் வரப்பை வெட்டி ஒருவன் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் நான் அடைக்கத்தான் செய்வேன். அவன் பயிர் வாடினால் அதற்காக என் வரப்பைத் திறந்துவைக்க மாட்டேன். இதை அவர்களிடமும் சொன்னேன்.

லீக் தொடங்குவதற்கு முன் பயிற்சிக்கு அவர்கள் வந்தார்கள். வந்தார்கள் என்றால் இணைப்பில் சேர்ந்தார்கள். பேச்சு கிடையாது. நான் அனலிஸ்ட்டின் படத்தைக் குழுவில் போட்டேன். பாலத்தை இனிமேல் முதல் வட்டத்திலேயே கடந்துவிடுவோம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகவே மாட்டோம் என்றேன். தஞ்சாவூர்க்காரன் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டான். அது போதும்.

முதல் ஆட்டம் ஒரு சாயங்காலம். அவரவர் வீட்டிலிருந்து. பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், பின்னால் கோச் நின்றுகொண்டு ஆட்டத்துக்கு நடுவே வரும் இடைவேளையில் தோளைத் தட்டி ஆடுகிறார்கள். எனக்குப் பின்னால் உர மூட்டை அடுக்கியிருந்தது. விமானம் கிளம்பியது. எங்கே குதிப்பது என்று சொன்னேன். மூன்று பேரும் குதித்தார்கள்.

பாலத்தை நேரத்தோடு கடந்தோம். அந்தப் பக்கம் ஒரு மேட்டில் வீட்டைப் பிடித்து உட்கார்ந்தோம். கீழே இரண்டு அணிகள் மோதிக்கொண்டன. நீடாமங்கலத்தானுக்குச் சுட வேண்டும் என்று கை துடித்தது. எனக்குத் தெரியும், அவனோடு இரண்டு வருடம் ஆடியிருக்கிறேன்.

"இப்ப வேண்டாம்" என்றேன்.

"அந்தாளு இருந்தா அடிக்கச் சொல்லியிருப்பான்" என்றான். அந்த வாரம் முழுவதும் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அந்தாளு இல்ல. நான்தான் இருக்கேன். வேண்டாம்."

அவன் சுடவில்லை. கீழே இருந்த ஒரு அணி இன்னொன்றை முடித்துவிட்டு, குண்டு காலியாகி, காயத்தோடு எங்கள் மேட்டுக்கே ஏறி வந்தது.

"இப்ப" என்றேன்.

அந்த அணியின் நாலு பேரும் விழுந்தார்கள். மூன்று பேரை நீடாமங்கலத்தான் சுட்டான். அவன் மூச்சு வாங்குவது மைக்கில் கேட்டது.

"இது ஒனக்காக ஆடல" என்றான்.

"எனக்காக வேணாம். துப்பாக்கில குண்டு போடு, பின்னால வண்டி வருது."